மூன்று புள்ளி வட்டம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நான் முன்பு ரயில் பாதை சர்வேயில் இருந்தேன், அப்புறம் சர்வே மென்பொருள் எழுதும் பக்கம் வந்துவிட்டேன். வளைவின் ஆரம் கண்டுபிடிப்பதுதான் இரண்டு இடத்திலும் என் பிழைப்பு. மூன்று புள்ளிகள் வழியே போகும் வட்டத்தின் மையத்தையும் ஆரத்தையும் கண்டுபிடிப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு அந்தக் கோணத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

"சார், இரண்டு மையக்குத்துக்கோடுகள் வெட்டும் இடம்தான் மையம் என்று பத்தாம் வகுப்பில் படித்ததை அப்படியே சாய்வு வைத்து எழுதினேன். சில புள்ளிகளுக்கு புரோகிராம் பூஜ்யத்தால் வகுத்து நின்றுவிடுகிறது. அந்தப் புள்ளிகள் ஒரே கோட்டில் கூட இல்லை!"

கணக்கு சரிதான், சாய்வுதான் வில்லன். இரண்டு புள்ளிகள் ஒரே மட்டத்தில் இருந்தால் அவற்றின் மையக்குத்துக்கோடு நெட்டுக்குத்தாக நிற்கும், அதற்குச் சாய்வு என்று ஓர் எண் கிடையாது. வட்டத்தில் ஒரு குறையும் இல்லாமலே உங்கள் வழி விழுந்துவிடும். சாய்வை விட்டுவிடுங்கள். முதல் புள்ளியை ஆதிப்புள்ளியாக நகர்த்திக்கொண்டு, மற்ற இரண்டையும் அதிலிருந்து அளந்தால் போதும்.

```python
def circle3(a, b, c, tol):
    bx, by = b[0]-a[0], b[1]-a[1]
    cx, cy = c[0]-a[0], c[1]-a[1]
    b2, c2 = bx*bx + by*by, cx*cx + cy*cy
    e2 = (bx-cx)**2 + (by-cy)**2
    cross = bx*cy - by*cx
    if min(b2, c2, e2) <= tol*tol:
        return "close"
    if abs(cross) <= tol * max(b2, c2, e2)**0.5:
        return "flat"
    ux = (cy*b2 - by*c2) / (2*cross)
    uy = (bx*c2 - cx*b2) / (2*cross)
    return a[0]+ux, a[1]+uy, (ux*ux + uy*uy)**0.5
```

`cross` என்பது முக்கோணப் பரப்பின் இரண்டு மடங்கு. வகுத்தல் வருவது அதனால் மட்டும்தான். ஆகவே இந்த வழி விழுந்தால் மூன்றும் உண்மையிலேயே ஒரே கோட்டில் இருக்கின்றன, அல்லது இரண்டு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று இருக்கின்றன. `tol` என்ன என்பது கீழே வருகிறது.

"இவ்வளவு எதற்கு? நான் `abs(cross) < 1e-9` என்று வைத்து ஐந்து வருடமாக ஓட்டுகிறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை."

பூஜ்யத்தோடு நேராக ஒப்பிடாமல் ஒரு சிறு எல்லை வைத்தீர்களே, அதுவரை சரி. ஆனால் `cross` ஒரு பரப்பளவு. அதே மூன்று புள்ளிகளை மீட்டரில் கொடுத்தால் ஒரு விடை, மில்லிமீட்டரில் கொடுத்தால் அதைவிடப் பத்து லட்சம் மடங்கு பெரிய விடை. உங்கள் 1e-9 எந்த அலகில் என்று உங்களுக்கே தெரியாது. ஐந்து வருடமாக ஒரே அளவுள்ள வேலையை ஒரே அலகில் செய்திருப்பீர்கள், அதனால் தப்பித்தீர்கள்.

"சரி, அப்படியானால் இரண்டு பக்கங்களின் நீளத்தால் வகுத்து, கோணத்தின் சைனை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு அலகே இல்லையே."

இது முன்னதைவிட எவ்வளவோ தேவலாம். ஆனாலும் பாதி வழிதான். (0, 0), (20, 0), (10, 0.025) என்ற மூன்றை எடுங்கள். முதல் புள்ளியில் சைன் 0.0025. இந்த எண்கள் மீட்டர் என்றால் நடுப்புள்ளி நாணிலிருந்து 25 மி.மீ. விலகி நிற்கிறது, ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். மில்லிமீட்டர் என்றால் விலகல் 25 மைக்ரான், சாதாரண ஸ்கேலுக்குத் தெரியவே தெரியாது. சைன் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று வளைவு, மற்றது அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம்.

நான் பார்ப்பது உயரத்தை. `cross`-ஐ மிக நீளமான பக்கத்தால் வகுத்தால், அந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது புள்ளி எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று வரும். வில்லையும் நாணையும் நினைத்துக்கொண்டால் அதுதான் வில்லின் உயரம். அது நீள அலகில் இருப்பதால் உங்கள் கருவியின் பிழையோடு நேருக்கு நேர் நிறுத்தலாம். மேலே உள்ள `tol` அந்தப் பிழையைச் சார்ந்த நீளம்.

"ஐயா, கோட்பாடு இருக்கட்டும். எந்த உயரத்துக்குக் கீழே 'இது நேர்கோடு' என்று சொல்லலாம்? ஒரு எண் சொல்லுங்கள்."

எண்ணைச் சொல்வதைவிட அது எப்படி வருகிறது என்று காட்டுகிறேன். இந்திய ரயில்வேயில் வளைவை 20 மீட்டர் நாண் பிடித்து, நடுவில் தண்டவாளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளப்பார்கள். அதற்கு வெர்சைன் என்று பெயர். 50000-ஐ வெர்சைனால் வகுத்தால் ஆரம் மீட்டரில் வந்துவிடும். இதுவும் மூன்று புள்ளி வட்டம்தான்.

வெர்சைன் 25 என்றால் ஆரம் 2000 மீட்டர். அளப்பவர் கை ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆகும் என்று வையுங்கள். 24-க்கு 2083, 26-க்கு 1923. பரவாயில்லை. வெர்சைன் 5 என்றால் ஆரம் 10000, ஆனால் அதே ஒரு மில்லிமீட்டரில் அது 8333 முதல் 12500 வரை ஆடும். வெர்சைன் 1 என்று வந்தால் ஆரம் 25000-லிருந்து முடிவிலி வரை எதுவாகவும் இருக்கலாம், அங்கே 50000 என்று எழுதி வைப்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதுதான்.

பிழை விகிதம் என்பது அளவீட்டுப் பிழையை வில் உயரத்தால் வகுத்தது, அவ்வளவே. ஆரம் பத்து சதவீதத்துக்குள் வேண்டுமென்றால் உயரம் பிழையைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். வளைவா நேரா என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் மூன்று மடங்கு போதும். மூன்று புள்ளிகளையும் தனித்தனியாக அளந்திருந்தால் முனைப்புள்ளிகளின் பிழையும் சேர்ந்துகொள்ளும். நடுப்புள்ளி நாணின் மத்தியில் இருக்கும்போது மொத்தம் ஒரு புள்ளியின் பிழையைப் போல் சுமார் 1.22 மடங்கு ஆகும்.

உயரம் போதவில்லையா, நாணை நீட்டுங்கள். 20-ஐ 40 ஆக்கினால் அதே வளைவில் வில் உயரம் நான்கு மடங்காகிறது. எந்தச் சூத்திரமும் செய்ய முடியாத உதவி இது. ஆனால் அந்த 40 மீட்டருக்குள் வளைவு மாறாமல் இருக்க வேண்டும்.

"நான் கட்டட மேஸ்திரி. ஜன்னலுக்கு மேல் ஆர்ச், அகலம் 3 மீட்டர், நடுவில் 30 செ.மீ. உயரம் வேண்டும். கயிறு எவ்வளவு நீளம்?"

3.90 மீட்டர். அகலத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் 3.75, அதோடு உயரத்தில் பாதி 0.15. உயரம் நன்றாக இருப்பதால் மேலே நடக்கும் சண்டை எதுவும் உங்களைத் தொடாது.

"அண்ணா, எங்கள் பட்டறையில் 100 மி.மீ. துளையை மூன்று இடத்தில் தொட்டு மையம் எடுத்தோம். ஆரம் 50.01 என்று அழகாக வந்தது. ஆனால் போல்ட் உட்காரவில்லை, மையம் 1 மி.மீ. தள்ளியிருக்கிறது. புள்ளிகள் ஒரே கோட்டிலும் இல்லை. இது எப்படி?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். இரண்டு தொடுகைகளை ஒன்றுக்கொன்று பக்கத்தில், ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளியில் எடுத்து, மூன்றாவதை நேர் எதிரில் எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். (50, 0), எதிரில் (−50, 0). மூன்றாவது இருக்க வேண்டிய இடம் (49.99, 1). தொடும் முனையின் பிழை 0.02 மி.மீ. என்று வைத்தால் அது (50.01, 1) என்று பதிவாகும். இப்போது மையம் (0, 0) இல்லை, (0, 1.00). ஆரம் 50.01. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் 0.02 விலகினால் அவற்றை இணைக்கும் கோடு ஐம்பதில் ஒரு பங்கு சாய்கிறது, அந்தச் சாய்வு 50 மி.மீ. தள்ளியிருக்கும் மையத்தில் 1 மி.மீ. ஆகிவிடுகிறது. ஆரமோ நல்ல பிள்ளை போல நிற்கிறது.

முக்கோணம் ஒல்லியாக இரண்டு காரணம் உண்டு. நடுப்புள்ளி தட்டையாக இருந்தால் ஆரம் பெரிதாகி, தானே காட்டிக்கொடுக்கும். இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் ஆரம் எதுவாகவும் இருக்கலாம், ஒன்றும் தெரியாது. அதை 'நேர்கோடு' என்று சொல்வதும் தவறு, 'தகவல் போதவில்லை' என்பதே சரி. என் நிரலில் `"close"` தனியாக இருப்பது அதனால்தான். ஆனால் உங்கள் புள்ளிகள் அந்தச் சோதனையையும் தாண்டிவிடும், ஏனென்றால் 1 மி.மீ. என்பது 0.02-ஐவிடப் பெரிது. ஆகவே கூடவே ஒன்று பாருங்கள்: ஆரத்தைப் பிழையால் பெருக்கி, மிகச் சிறிய பக்கத்தால் வகுக்க வேண்டும். 50 × 0.02 ÷ 1, அதாவது 1 மி.மீ. மையம் எவ்வளவு நகரக்கூடும் என்பதற்கு அது தோராயமான அளவு. தொடும்போது 120 டிகிரி இடைவெளி விட்டால் இந்தத் தலைவலியே வராது.

"சென்னைப் பகுதியின் யூ.டி.எம். புள்ளிகள். நேரான ரோட்டில்கூட என் புரோகிராம் ஆரம் 100 மீட்டர், 300 மீட்டர் என்று கண்டபடி வளைக்கிறது. GPS கோளாறா?"

GPS மேல் பழி போடும் முன் எண்களை எந்த வகையில் சேமிக்கிறீர்கள் என்று பாருங்கள். சென்னைக்கு வடக்கு ஆயம் சுமார் 14,46,000 மீட்டர். 32 பிட் `float` வகையில் அந்த அளவுள்ள எண்கள் 12.5 செ.மீ. படிகளில்தான் நிற்கும். கிழக்கு ஆயம் சுமார் 4,20,000, அங்கே படி 3 செ.மீ. சொச்சம். 25 மி.மீ. வில் உயரத்தை அதில் எங்கே தேடுவது? நானும் ஒரு வேலையில் இடம் மிச்சப்படுத்த `float` வைத்து, இல்லாத வளைவுகளைப் படத்தில் வரைந்து அனுப்பி, திட்டு வாங்கியிருக்கிறேன்.

64 பிட் `double` போடுங்கள். அதில் படி ஒரு நானோமீட்டருக்கும் கீழே. முதல் புள்ளியைக் கழிப்பதை `double`-ல் செய்துவிட்டு, வேண்டுமானால் அதன்பின் `float`-க்கு மாறலாம். `float`-க்கு மாற்றியபின் கழித்தால் பலனில்லை, தொலைந்தது தொலைந்ததுதான்.

"ரோடு முழுக்க ஆரத்தை கிராஃப் போட்டால் நேரான இடத்தில் மேலே பாய்ந்து, திடீரென்று மைனஸில் இறங்குகிறது. எப்படிச் சீராக்குவது?"

ஆரத்தைப் போடாதீர்கள், அதன் தலைகீழைப் போடுங்கள். `cross`-ஐ இரண்டால் பெருக்கி, மூன்று பக்கங்களின் பெருக்கலால் வகுத்தால் குறியோடு வளைவு வந்துவிடும். நேர்கோட்டில் அது பூஜ்யம், இடது வலது மாறும்போது பூஜ்யத்தின் வழியே அமைதியாகக் கடக்கும். பிழையும் இரு பக்கமும் சமமாக விழும், சராசரி எடுக்கலாம். ஆரத்தைச் சராசரி எடுத்தால் நேரான இடத்தில் ஒரே ஒரு பெரிய எண் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். விடை வாங்குபவர் ஆரம்தான் கேட்பார் என்றால் கடைசியில் ஒருமுறை திருப்பிக்கொள்ளுங்கள்.

"புள்ளிகளை வலையாக இணைக்கும் டிலோனே முக்கோணங்களுக்கு இதே `circle3`-ஐ வைக்கலாமா?"

வேண்டாம். அங்கே மையம் தேவையில்லை, நான்காவது புள்ளி வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்ற குறி மட்டும் போதும். அந்தக் குறி ஒருமுறை தவறினாலும் வலை சிக்கிக்கொள்ளும். ஷ்யூசக் 1997-ல் வெளியிட்ட முறைகளில் `orient2d`, `incircle` இரண்டும் இதற்கென்றே இருக்கின்றன. குறி சந்தேகமாக இருக்கும்போது மட்டும் கூடுதல் துல்லியத்துக்குப் போகும்.

"மூன்று மடங்கு, பத்து மடங்கு என்கிறீர்கள். என் அனுபவத்தில் மூன்று மடங்கு வைத்தால் ரோட்டின் மெல்லிய வளைவுகள் எல்லாம் நேர்கோடாகிவிடுகின்றன. இரண்டு போதாதா?"

இரண்டு வைத்தால் உண்மையிலேயே நேரான இடங்களில் சுமார் இருபதில் ஒன்று வளைவாகத் தெரியும். பத்து கிலோமீட்டர் ரோட்டில் அது எத்தனை இடம் என்று எண்ணிப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள், நான் மூன்றிலேயே நிற்கிறேன். மெல்லிய வளைவு வேண்டுமென்றால் மூன்று புள்ளியோடு நிற்காமல், பத்து இருபது புள்ளிகளுக்கு ஒரே வட்டம் பொருத்துங்கள். அதற்கும் எளிமையான முறையை எடுத்தால் சிறிய வில்லில் ஆரம் குறைவாக வரும் பழக்கம் உண்டு. எந்த முறை நல்லது என்பதில் எனக்கும் என் பழைய சகாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.