முகத்துக்கு ஸ்க்ரப்பா, ஆசிட் சீரமா?

"எனக்கு 26 வயது, நார்மல் ஸ்கின். வாரம் மூன்று முறை வால்நட் ஸ்க்ரப் போடுகிறேன். பார்லரில் 'ஸ்க்ரப்பை விடு, இந்த 30% கிளைகோலிக்கை தினமும் ராத்திரி போடு' என்று ஒரு குட்டி பாட்டில் கொடுத்தார்கள். லேக்டிக் ஆசிட்தான் நல்லது என்கிறாள் தோழி. எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுவது?"
- வாசகி, காட்பாடி

அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். 30 சதவீதம் என்பது மருத்துவர் தடவி, கடிகாரத்தைப் பார்த்துச் சில நிமிடங்களில் எடுத்துவிடும் 'பீல்'. ராத்திரி முழுக்க விட்டால் முகம் வெந்துவிடும். பெரிய கேனிலிருந்து லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றித் தந்தால், உள்ளே என்ன இருக்கிறதென்று ஊற்றியவருக்கே தெரியாது. முகம் சிவந்ததும் அடுத்து வருவது ஸ்டீராய்டு ட்யூப். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சரக்கு அது. மெடிக்கலில் சோப்பு வாங்குவது போல வாங்கி வருகிறார்கள். கேட்பார் யார்?

ஸ்க்ரப்பை விடச் சொன்னது மட்டும் சரி. வால்நட் ஓட்டுத் தூளின் விளிம்புகள் கரடுமுரடானவை. அழுத்தித் தேய்த்த இடத்தில் தோல் புண்பட்டு, நம் நிறத்துக்குக் கருமை படிந்துவிடும். கன்னத்து எலும்பு மேட்டில்தான் முதலில் தெரியும். பயத்தம் மாவை விரல் நுனியால் மெல்லத் தடவிக் கழுவுவதில் தவறில்லை. பீர்க்கங்காய் நார் முகத்துக்கு வேண்டாம்.

ஆசிட் தேய்ப்பதில்லை, இறந்த செல்களைப் பிடித்திருக்கும் பசையைத் தளர்த்துகிறது. கிளைகோலிக்கின் மூலக்கூறு சிறியது, சீக்கிரம் உள்ளே போகும், எரிச்சலும் அதிகம். லேக்டிக் கொஞ்சம் பெரியது, சாது, ஈரத்தையும் பிடித்து வைக்கும். தோழி சொன்னபடி லேக்டிக்கிலேயே தொடங்குங்கள். 5 சதவீதம், வாரம் ஒரு இரவு. ஒரு மாதம் தொந்தரவில்லை என்றால் இரண்டு இரவு. கிளைகோலிக் என்றால் 5 முதல் 7 சதவீதம், வாரம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு சில சொட்டு. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டை விட்டுவிடுங்கள். மேலே மாய்ஸ்சரைசர். நார்மல் தோல் தானாகவே உதிர்ந்து புதுப்பித்துக்கொள்வது. அதற்கு இதுவே தாராளம்.

ஒரு நிமிடம் சுருசுருவென்றால் பரவாயில்லை. எரிச்சல் நீடித்தாலோ, மறுநாள் வெறும் மாய்ஸ்சரைசரே எரிந்தாலோ, எண்ணெய் வடியாமலே முகம் கண்ணாடி போல மின்னினாலோ, தோலின் காப்பு போய்விட்டது என்று அர்த்தம். அதை 'க்ளோ' என்று மகிழ வேண்டாம். ஆசிட்டை நிறுத்தி இரண்டு வாரம் மாய்ஸ்சரைசர் மட்டும்.

த்ரெடிங், வேக்ஸிங்கை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். மேலுதட்டில் நூல் ஓடிய இடத்தில் மேல்தோல் ஏற்கெனவே உரிந்திருக்கும். அன்று இரவே ஆசிட் பட்டால் மீசை போலவே கருப்புக் கோடு விழும், மறைய மாதக்கணக்காகும். முந்தைய மூன்று நாளும் பிந்தைய மூன்று நாளும் ஆசிட் கூடாது. பார்லரில் 'காம்போ ஆஃபர்' என்று ஒரே நாளில் த்ரெடிங்கையும் ஆசிட் பீலையும் செய்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். காலையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன், ஆசிட்டை நிறுத்திய பிறகும் ஒரு வாரத்துக்கு. அதைத் தினமும் போட முடியாதென்றால் ஆசிட் வாங்கவே வேண்டாம்.