கூட்டத்தில் ஆட்கள் கரைந்துபோகாமல் இருக்க

அன்புள்ள ஐயா,

நான் எழுதிவரும் நாவலில் அழகர் ஆற்றில் இறங்கும் காட்சி ஒன்று உண்டு. கதாநாயகி தொலைந்துபோன தம்பியைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைகிறாள். "ஆற்றங்கரை முழுக்கத் தலைகள். சிலர் கோவிந்தா என்று முழங்கினர், சிலர் தண்ணீர் பீய்ச்சினர், சிலர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தனர்" என்று எழுதியிருக்கிறேன். அவளைச் சுற்றி இருப்பவர்கள் ஆட்களாகவே தெரியவில்லை, எல்லாரும் ஒருவருக்குள் ஒருவர் கலந்துவிடுகிறார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் எழுதிய செயல்களைச் செய்ய ஒவ்வொருவருக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். ஆட்டுத்தோல் பையை அழுத்தித் தண்ணீர் பீய்ச்சுபவருக்கு முழங்கையை விரிக்க இடம் வேண்டும். கைப்பேசியை உயர்த்துபவருக்குத் தலைக்கு மேல் இடம் இருந்தால் போதும், ஆனால் நெரிசல் இறுகுவதற்கு முன்பே அவர் கையை வெளியே எடுத்திருக்க வேண்டும். கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 பேர் என்ற அளவை எட்டும்போது கூட்டம் கிட்டத்தட்டத் திரவம்போல் ஆகிவிடுகிறது என்கிறார். அங்கே நடப்பது என்பதே இல்லை. எங்கிருந்தோ வரும் தள்ளல் அலையாகப் பரவி ஆளை நகர்த்துகிறது. அதே சதுர மீட்டரில் ஒருவர் மட்டும் இருந்தால் அவர் குனிந்து செருப்பைத் தேடலாம், திரும்பி நின்று பேசலாம். ஆகவே ஆட்கள் உண்மையிலேயே கரையும் இடம் ஒன்று உண்டு. உங்கள் காட்சியில் அது தங்கக் குதிரை வாகனத்தை ஒட்டிய பகுதி மட்டுமே. மணலின் மறுபக்கத்தில் மொட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த நெரிசல் இல்லை. கதாநாயகி தளர்ந்த இடத்திலிருந்து இறுகிய இடத்துக்குப் போகிறாள் என்றால், சுற்றியிருப்பவர்களின் வினைச்சொற்களும் படிப்படியாகக் குறைய வேண்டும்: முதலில் குனிகிறார்கள், எடுக்கிறார்கள், கூப்பிடுகிறார்கள்; பிறகு திரும்புகிறார்கள், எக்குகிறார்கள்; கடைசியில் அவர்களுக்கு மிஞ்சுவது மூச்சும் குரலும்தான்.

அடுத்தது, திருவிழாவுக்கு யாரும் தனியாக வருவது அரிது. கூட்டத்தின் அலகு இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு. இடம் இருக்கும்போது அவர்கள் பக்கம் பக்கமாக நடக்கிறார்கள்; நெருக்கம் கூடியதும் முன்னால் இருப்பவரின் தோளையோ சேலை முந்தானையையோ பிடித்துக்கொண்டு வரிசையாகிறார்கள். எதிரெதிரே வருபவர்களும் தாமாகவே ஒழுங்கைகளாகப் பிரிந்துகொள்வார்கள், ஏனெனில் முன்னே செல்பவரின் முதுகைத் தொடர்வதே எளிது. உங்கள் "சிலர்" மூன்று முறை வந்தும் யாரையும் காட்டாததற்குக் காரணம், அந்தச் சொல்லுக்குள் யார் யாரோடு வந்தார்கள் என்பதும் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதும் இல்லாமையே.

கோரிப்பாளையம் பக்கமாக ஆற்றுக்குள் இறங்கும் வழியில் அவளை நிறுத்தி இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"வாழையிலையால் மூடிய சர்க்கரைச் செம்பை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கிழவி இறங்கினாள். பின்னால் வந்த பேரன் அவள் முந்தானையை விடவில்லை. எதிரே, ஈரத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலேறி வந்தார். கிழவிக்கு வழிவிட ஒருக்களித்து நின்றபோது குழந்தையின் கால் அவள் கன்னத்தில் இடித்தது. அவர்களுக்கு அப்பால் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வரிசை பாலத்தின் நிழலுக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது."

இதில் அருகில் இருப்பவர்களுக்கு மட்டுமே கையும் முகமும் உண்டு. தொலைவில் இருப்பவர்களுக்கு நிறமும் திசையும் போதும். கிழவிக்கு இன்னும் சூடம் ஏற்ற வேண்டிய வேலை இருக்கிறது. மொட்டைபோட்டவருக்கு வேலை முடிந்துவிட்டது. ஒருவருக்குப் போக ஓர் இடமும் இன்னொருவருக்கு வந்த ஓர் இடமும் இருப்பதால் அவர்களின் நடை தானாகவே வேறுபடுகிறது. ஒருவர் உடல் மற்றவர் உடலைத் தொட்டதும், இரண்டு உடல்கள் இருக்கின்றன என்பது நிச்சயமாகிவிடுகிறது. உடையையும் மீசையையும் எவ்வளவு வர்ணித்தாலும் இந்த நிச்சயம் வராது என்பது என் கருத்து.

இரண்டு பக்கம் கழித்து அந்தக் கிழவியை மறுபடியும் காட்டுங்கள், ஆனால் அவள் நிலை மாறியிருக்க வேண்டும்: செம்பின் மேல் சூடம் எரிகிறது, பேரன் கையில் முந்தானை இல்லை. தம்பியைத் தேடுகிறவளுக்கு அது சும்மா கடந்துபோகும் காட்சியாகவும் இருக்காது. இப்படித் திரும்பி வருபவர்கள் ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு குழுக்களுக்கு மேல் வேண்டாம். மிகுந்தால் வாசகர் அவர்களைக் கதைமாந்தர்கள் என்று எண்ணிக் காத்திருப்பார். எழுதி முடித்ததும் ஒரு தாளில் ஆற்றையும் பாலத்தையும் வரைந்து, நீங்கள் குறிப்பிட்ட ஒவ்வொருவரையும் அம்புக்குறியாகப் போட்டுப் பாருங்கள். எல்லா அம்புகளும் சாமியை நோக்கியே இருந்தால் காட்சி இன்னும் பழைய குழம்பலில்தான் இருக்கிறது. தண்ணீர் விற்பவரும் காவலரும் வெளியேறத் துடிக்கும் தாயும் குறுக்கே போக வேண்டும்.

"கோவிந்தா" என்ற முழக்கத்தை மட்டும் பன்மையிலேயே விட்டுவிடுங்கள், அது கூட்டம் முழுவதற்கும் பொதுவானது. ஆனால் எல்லார் வாயிலிருந்தும் ஒரே நொடியில் அதை எழுப்பாதீர்கள். குதிரையைக் கண்டவர்கள் முதலில் எழுப்புவார்கள். காணாதவர்கள் கேட்டு எழுப்புவார்கள். கதாநாயகியின் பக்கத்தில் நிற்பவரிடம் அது கடைசியாக வந்து சேரும்.