கச்சேரி தாமதமானால், கல்யாணம் நின்றுபோனால்

மதுரையில் எட்டுப் பேர் கொண்ட மெல்லிசைக் குழு நடத்துகிறேன். 60,000 ரூபாய்க்குப் பேசி 10,000 அட்வான்ஸ் வாங்கிய ரிசப்ஷன் கச்சேரியை, போன ஆவணியில் நாலு நாள் முன்னால் ரத்து செய்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார்கள். இன்னொரு கல்யாணத்தில் 7 மணிக் கச்சேரியை எட்டே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்க விட்டார்கள். பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லிவிட்டு, "பாதி நேரம்தானே பாடினீங்க" என்று பாதிப் பணம் கொடுத்தார்கள். ரசீதில் 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருக்கிறேனே, அது போதாதா சார்?

போதாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி, மீறினால் இவ்வளவு என்று எழுதிவைக்கும் தொகை உச்சவரம்புதான். அதற்குள் எது நியாயமான இழப்பீடோ அதைத்தான் நீதிமன்றம் தரும். நிரூபிக்கக்கூடிய இழப்பை நிரூபித்தே ஆக வேண்டும் என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே ரத்து பற்றிய பத்தி, தொகையோடு அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

உங்கள் தொழிலில் அந்தக் காரணம் முகூர்த்த நாள்தான். ஆவணி முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் விடுபட்ட தேதியை வேறு யாருக்கும் விற்க முடியாது. இரண்டு மாதம் முன்னால் விடுபட்டால் பெரும்பாலும் விற்றுவிடலாம். ஆகவே நாள் நெருங்க நெருங்கத் தொகை ஏறட்டும். 60,000 ரூபாய்க் கச்சேரிக்கு இப்படி எழுதலாம்: "இந்தத் தேதியைக் குழு வேறு யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவைக்கிறது. 45 நாளுக்கு முன்பே ரத்தானால் 3,000, அதன்பின் 15 நாள் வரை 12,000, அதற்கும் பின்னால் 30,000 ரூபாய் குழுவுக்கு உரியது. மீதியை 7 நாளில் திருப்பித் தர வேண்டும். அதே தேதியில் வேறு கச்சேரி அமைந்தால் அந்த வருமானம் இதில் கழியும்." கடைசி வரி உங்களுக்குப் பாதகம் போலத் தோன்றும். நீதிபதி முன் இந்தப் பத்தியைக் காப்பாற்றப்போவதே அதுதான்.

ஆவணி விவகாரத்தில், அந்தத் தேதிக்கு வந்த வேறு புக்கிங்கை நீங்கள் மறுத்த வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 10,000-ஐ வைத்துக்கொள்ள வலுவான நியாயம் உண்டு. வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்காமல் மிச்சமான சம்பளத்தை உங்கள் இழப்பிலிருந்து கழித்துத்தான் பார்ப்பார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நேரத்துக்கு வருவோம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் 'மாலை 7 மணிக் கச்சேரி' என்று ஒரு நேரம்தான் இருக்கும். வேண்டியது மூன்று: மேடையும் மின் இணைப்பும் தயாராக இருக்க வேண்டிய நேரம், பாட்டு தொடங்கும் நேரம், முடியும் நேரம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. மண்டபங்களும் பத்து மணிக்கு நிறுத்தச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் எப்போது வந்து சேர்வார்கள் என்பது உங்கள் கையிலும் இல்லை. எனவே: "குழு 7 மணிக்குத் தயாராக இருந்தும் வீட்டார் காரணமாகத் தொடக்கம் தள்ளிப்போனால், முடியும் நேரம் 10 மணிதான், தொகை குறையாது. குழுவால் தாமதமானால் ஒவ்வொரு அரை மணிக்கும் 5,000 ரூபாய் குறையும்." உங்கள் தாமதத்துக்கும் விலை வைத்தால்தான் எதிர்த்தரப்பு மனமொப்பிக் கையெழுத்துப் போடும். தயாரானதும் மேடையைப் படமெடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள், நேரத்துக்கு அது சாட்சி.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: கையெழுத்தன்று 12,000, 15 நாள் முன்னால் 28,000, மைக் பிடிப்பதற்கு முன் 20,000. பந்தி முடிந்த பிறகு தருகிறேன் என்பதை ஏற்காதீர்கள். மொய் எண்ணுகிற வீட்டில் கணக்குப் பேச ஆள் கிடைக்காது.

வீட்டில் துக்கம் நேர்ந்தால்? ஒப்பந்தம் நிறைவேற்றவே முடியாமல் போனால் அது செல்லாது என்கிறது 56-ஆம் பிரிவு. உறவினர் மறைவு அதில் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. வழக்காடுவதைவிட, "மணமக்களின் பெற்றோர், உடன்பிறந்தார் மறைந்தால் ஆறு மாதத்துக்குள் குழு ஓய்வாக உள்ள வேறு தேதிக்குக் கூடுதல் கட்டணமின்றி மாற்றித் தரப்படும்" என்று எழுதிவிடுங்கள். பாடகருக்குத் தொண்டை கட்டினால் நிகரான மாற்றுப் பாடகர் வருவார் என்றும் சேருங்கள். குறிப்பிட்ட ஒரு பாடகருக்காகவே அழைக்கிறார்கள் என்றால் அந்த வரி உதவாது. அப்போது, அவர் வராவிட்டால் எவ்வளவு குறையும் என்று இப்போதே பேசி முடிக்க வேண்டும். குழுவே ரத்து செய்தால், வாங்கியதை முழுவதும் திருப்பித் தருவதோடு மேலே சொன்ன அதே 3,000, 12,000, 30,000 கணக்கில் நீங்களும் இழப்பீடு தர வேண்டும் என்றிருக்கட்டும்.

கையெழுத்து யாருடையது என்பதில் கவனமாக இருங்கள். புக்கிங் செய்தது மண்டப மேனேஜர், பணம் தர வேண்டியது பெண்ணின் அப்பா என்றால், அப்பாவின் கையெழுத்தும் முகவரியும்தான் வேண்டும். உரிய முத்திரைத்தாளில் எழுதுவது நல்லது. வெறும் தாளில் எழுதிவிட்டாலும் ஒப்பந்தம் செத்துவிடாது. வழக்கு வந்தால் முத்திரைத் தீர்வையும் அபராதமும் கட்டிச் சாட்சியமாக்கலாம்.