கேக் பெட்டி மெஷின்: போன காசையும் பொதுச் செலவையும் எங்கே வைப்பது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் குடும்ப பிரஸ் இருக்கிறது. கேக் பெட்டி, இனிப்புப் பெட்டி செய்ய டை கட்டிங் மெஷின் ஒன்றும் ஒட்டும் மெஷின் ஒன்றும் 65 லட்சத்துக்குப் போட யோசிக்கிறோம். ரிப்போர்ட்டுக்கும் சாம்பிள் டைகளுக்கும் 7 லட்சம் போய்விட்டது. மெஷின் இறங்கினால் ரிப்போர்ட் எழுதியவருக்கு இன்னும் 2 லட்சம் கொடுக்க வேண்டும். எங்கள் கணக்காளர் வருடம் 5 லட்சம் நட்டம் என்கிறார். மெஷின் புரோக்கர் வருடம் 42 லட்சம் மிஞ்சும் என்கிறார். யார் சொல்வது சரி? (கணக்குத் தாளும் மின்சார பில்லும் இணைத்துள்ளேன்.)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பிழை. என் கணக்கில் வருடம் கிட்டத்தட்ட 24 லட்சம் வருகிறது. மெஷினைப் போட அது போதும், ஆனால் மட்டுமட்டாகத்தான் போதும். அந்த மட்டுமட்டான மிச்சத்தைக்கூட உங்கள் மின்சார இணைப்பு விழுங்கிவிடலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இருவரும் ஒத்துப்போகும் இடத்தைப் பார்ப்போம். வருட விற்பனை 180 லட்சம். அட்டை, மை, பசை 108 லட்சம். புதிதாக எடுக்கும் இரண்டு பேருக்கு மாதம் 50,000 படி 12 லட்சம், அதோடு முதலாளி கட்டும் ஈபிஎஃப் 12 வீதமும் ஈடிஎஃப் 3 வீதமும் சேர 13.8 லட்சம். மின்சார யூனிட், பராமரிப்பு, டெலிவரி 16.2 லட்சம். மிச்சம் 42 லட்சம். புரோக்கர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். கணக்காளர் இதிலிருந்து தலைமை அலுவலகப் பங்கு 27 லட்சம், பெறுமானத்தேய்வு 13 லட்சம், ரிப்போர்ட்டுக்கும் டைக்கும் போன 7 லட்சம் ஆகியவற்றைக் கழித்து 5 லட்சம் நட்டத்தில் முடித்திருக்கிறார்.

எந்தச் செலவை எடுத்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான். மெஷினைப் போட்டால் என் கையிலிருந்து இனிமேல் போகும் காசுக்கும், போடாவிட்டால் போகும் காசுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் இருந்தால் காசுப் பாய்ச்சலில் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பெறுமானத்தேய்வு காசாக வெளியே போவதில்லை. மெஷினுக்கு 65 லட்சத்தை ஒரு தரம் எழுதிவிட்டோம், அதையே ஐந்தாகப் பிரித்து இன்னொரு தரம் கழிக்கக் கூடாது. கடன் வட்டியையும் இங்கே எழுத வேண்டாம், வரப்போகும் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதத்தில் அது ஏற்கனவே அடங்கியிருக்கிறது. வரியை இந்தப் பதிலில் தொடவில்லை.

இனி அந்த 7 லட்சம். மெஷின் போட்டாலும் போடாவிட்டாலும் அது திரும்பி வராது. அது அமிழ்ந்த செலவு, ஆகவே வெளியே. கணக்காளர் அதை முதல் வருடத்தில் கழித்தது தவறு. ஆனால் எனக்கு அதைவிடப் பயம் தருவது மறுபக்கத் தவறு. கொழும்பில் திட்ட அறிக்கை எழுதுவதைத் தொழிலாக வைத்திருக்கும் சிலர், ‘இவ்வளவு செலவழித்துவிட்டீர்கள், இப்போது நிறுத்தினால் அத்தனையும் வீண்’ என்று நெருக்குவார்கள். நிறுத்தினாலும் வீண்தான், தொடர்ந்தாலும் அந்தக் காசு வராது. அப்படிப் பேசுபவரின் கட்டணம் எப்போது கைக்கு வருகிறது என்று பாருங்கள். உங்கள் ஆளுக்கு மெஷின் இறங்கினால்தான் மிச்சம் 2 லட்சம் கிடைக்கும். ‘போடாதீர்கள்’ என்று அவர் எழுதினால் அவருக்கு நட்டம். அறிக்கைக்கு முழுக் கட்டணத்தையும் முடிவு எதுவானாலும் கொடுப்பதாகப் பேசி எழுதுவிப்பதுதான் ஒழுங்கு. அப்படி யாரும் கேட்பதுமில்லை, இவர்கள் சொல்வதுமில்லை.

அந்த 2 லட்சம் ரிப்போர்ட்டுக்கான காசுதான் என்றாலும் அமிழ்ந்த செலவல்ல. மெஷின் போட்டால் மட்டும் போகும் காசு என்பதால் உள்ளே வர வேண்டும். அதனால் ஆரம்பச் செலவை 67 லட்சம் என்று எழுதுங்கள்.

அடுத்தது பின்னறை. ‘சொந்த இடம், வாடகை இல்லை’ என்று புரோக்கர் பூச்சியம் போட்டிருக்கிறார். மெஷின் விற்க வருபவர்கள் எல்லோரும் சொல்வது இது. உங்கள் தாளின் ஓரத்திலேயே பக்கத்துக் கடைக்காரர் அந்த அறையைச் சாமான் அடுக்க மாதம் 60,000க்குக் கேட்டதாகக் குறித்திருக்கிறீர்கள். அறைக்குள் மெஷின் ஏறும் அன்று அந்த வாடகை போய்விடும். வருடத்துக்கு 7.2 லட்சம். எந்தப் பில்லிலும் இது வராது, எந்தப் பேரேட்டிலும் இருக்காது, ஆனாலும் இது உண்மையான செலவு. பாடப்புத்தகத்தில் அமையச் செலவு என்று படித்திருப்பீர்கள். 42 லட்சத்திலிருந்து இதைக் கழித்தால் 34.8 லட்சம்.

இங்கே ஒரு கவனம். அவர் கேட்டது வாய்ப்பேச்சா, நிசமாகவே எடுப்பாரா? அவருடைய ஆட்கள் உங்கள் பிரஸ்ஸுக்குள்ளால் நடந்துதான் அறைக்குப் போக வேண்டும், அதை நீங்கள் விடமாட்டீர்கள் என்றால் அந்த அறைக்கு வாடகைப் பெறுமதி இல்லை. அப்போது பூச்சியம் சரி. இந்தப் பகுதியில் சதுர அடி இவ்வளவு போகிறது என்று தரகர் சொல்லும் விலையை எடுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு எட்டக்கூடிய அடுத்த நல்ல வழி எவ்வளவு தரும் என்பதுதான் கணக்கு.

களஞ்சியத்தில் கிடக்கும் அட்டைக்கும் இதே யோசனைதான். 2022இல் ரூபா விழுந்து, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன நேரத்தில் பயந்து வாங்கி அடுக்கிய அட்டை பல பிரஸ்களில் இன்னும் இருக்கிறது. வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அதே அட்டையை வேறு வேலைக்கும் எடுப்பீர்கள் என்றால், இன்று திரும்ப வாங்கும் விலையைப் போடுங்கள். வேறெதற்கும் உதவாது என்றால், இன்று விற்றால் கிடைக்கும் விலை. ஈரம் பிடித்திருந்தால் அது பழைய பேப்பர் விலைதான்.

இனி 27 லட்சம். கணக்காளர் விற்பனையில் 15 வீதம் என்று தலைமை அலுவலக மேந்தலைச் செலவை, அதாவது பொதுச் செலவை, பிரித்துப் போட்டிருக்கிறார். அதற்குள் என்னென்ன இருக்கிறது? செட்டியார் தெரு அலுவலக வாடகை, உங்கள் அண்ணாவின் சம்பளம், ஓடிட் கட்டணம், வேன் லீசிங், சோலை வரி. மெஷின் வந்த மாதம் இவற்றில் எந்தக் காசோலையின் தொகை கூடும்? ஒன்றும் கூடாது. பெட்டி வேலைக்கு 27 லட்சம் போனால் மற்ற வேலைகளின் பங்கு 27 லட்சத்தால் குறையும், மொத்தம் மாறாது. விலை நிர்ணயிக்க, வருடக் கணக்கு முடிக்க இந்தப் பிரிப்பு வேண்டும். மெஷின் வாங்குவதா என்ற கேள்விக்கு அது ஆகாது. இந்த ஒரு வரியால் நல்ல திட்டங்களை மூடிவைத்த குடும்பத் தொழில்களைப் பார்த்திருக்கிறேன். போதாததற்கு வங்கிப் படிவங்களிலும் மேந்தலைக்கு ஒரு வீதம் கேட்டுக் கட்டம் போட்டுவிடுகிறார்கள். அது எங்கிருந்து வந்தது, கூடுகிறதா இல்லையா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நிரப்பாவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள். வருடக்கணக்காக இதைச் சொல்லியும் யாரும் திருத்தவில்லை.

அதற்காக 27 லட்சத்தையும் அப்படியே தூக்கி எறிந்துவிடாதீர்கள். பொதுச் செலவு என்ற பெயருக்குள்ளேயே உண்மையாகக் கூடும் காசும் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். உங்கள் கிளார்க்குக்குக் கேக் கடைகளின் பில்களைப் பார்க்க மாதம் 15,000 ஓவர்டைம் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். வருடம் 1.8 லட்சம், இது உள்ளே. அண்ணா மேற்பார்வைக்கு வருவாரே என்றால், அவருக்கு ஓய்வு நேரம் இருந்தால் செலவில்லை. அந்த நேரத்தில் அவர் பிடிக்கும் ஓடர்கள் கைநழுவும் என்றால் அந்த ஓடர்களின் இலாபம் செலவு.

பெரியது மின்சாரம். யாரும் இதைப் பார்க்கவில்லை, பொதுவாகவே பார்ப்பதில்லை. உங்கள் பில்லில் இருப்பது மூன்று ஃபேஸ் 60 ஆம்பியர் இணைப்பு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்சுமை 42 கேவிஏ. இப்போது நீங்கள் ஏறத்தாழ 35 கேவிஏ வரை இழுக்கிறீர்கள் என்று உங்கள் எலக்ட்ரீஷியன் குறித்திருக்கிறார். டை கட்டிங் மெஷினும் கம்பிரசரும் சேர்ந்து இன்னும் 15 கேவிஏ கேட்டால் 50 ஆகிவிடும். 42ஐத் தாண்டினால் கட்டணத் தொகுதியே மாறுகிறது. யூனிட்டுக்குக் கட்டுவதோடு டிமாண்ட் சார்ஜ் என்று ஒன்று வரும். மாதத்தில் நீங்கள் தொட்ட உச்சம் எத்தனை கேவிஏ என்று மீட்டர் பிடித்துவைக்கும், அந்த உச்சத்துக்குக் காசு. ஒரே ஒரு நாள் காலையில் எல்லா மெஷினையும் ஒன்றாகப் போட்டாலும் மாதம் முழுதுக்கும் அதுதான் கணக்கு.

இதில் பலரும் தவறுவது ஒன்று. புதிய மெஷினின் 15 கேவிஏக்கு மட்டும் பெருக்குவார்கள். முன்பு உங்களுக்கு டிமாண்ட் சார்ஜே இல்லை, இனி 50 கேவிஏ முழுவதற்கும் வரும். பழைய ஒஃப்செட் மெஷின் இழுக்கும் கேவிஏக்கும் காசு போகும், அதற்குக் காரணம் இந்தத் திட்டம். ஆகவே முழுத் தொகையும் திட்டத்தின் தலையில்தான். 2022 ஆகஸ்ட்டுக்குப் பிறகு கட்டணம் பல தடவை ஏறி இறங்கிவிட்டதால் நடப்பு அட்டவணையைப் பாருங்கள். கணக்குக்காக ஒரு கேவிஏக்கு மாதம் 1,500 ரூபா என்று வைத்தால் 50 கேவிஏக்கு மாதம் 75,000, வருடம் 9 லட்சம். யூனிட் விலையும் புதிய தொகுதியில் நேரத்துக்கு நேரம் மாறும், அதையும் எலக்ட்ரீஷியனோடு இருந்து ஒரு மாதப் பாவனைக்குப் பெருக்கிப் பாருங்கள்.

34.8 லட்சத்தில் 1.8 லட்சமும் 9 லட்சமும் போக 24 லட்சம். ஐந்து வருடத்துக்கு, 16 வீதக் கழிவில், அதன் இற்றைப் பெறுமதி ஏறத்தாழ 78.5 லட்சம். ஆரம்பச் செலவு 67 லட்சம். மிஞ்சுவது சுமார் 11.5 லட்சம். கேக் கடைகளுக்குக் கடனுக்குக் கொடுத்து முடங்கும் காசை இன்னும் இதில் சேர்க்கவில்லை, உங்கள் தாளிலும் அது இல்லை. எத்தனை வாரக் கடன் கொடுப்பீர்கள் என்று பார்த்து அதைப் போடுங்கள்.

42 கேவிஏக்கு மேல் போக இணைப்பைப் பெருப்பிக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வழங்கும் நிறுவனம் ஒரு மதிப்பீடு தரும், அதை ஒரே தடவையில் கட்ட வேண்டும். அந்தத் தொகை என் கணக்கில் இல்லை. புரோக்கர் முற்பணம் கேட்டு அவசரப்படுத்துவார், ‘இன்னொரு ஆள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்’ என்பார். மதிப்பீடு எழுத்தில் கையில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மதிப்பீடும் கடனில் முடங்கும் காசின் சுமையும் சேர்ந்து 11.5 லட்சத்தைத் தாண்டினால் மெஷினை விட்டுவிட்டு அறையை வாடகைக்குக் கொடுங்கள். ஏற்கனவே போன 7 லட்சத்தை அப்போதும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.