ரிவர்ஸ் சார்ஜிங்: கொடுக்கிற போனில் குறைவது எவ்வளவு, வாங்குகிற போனில் ஏறுவது எவ்வளவு?

கேள்வி: என் போனில் இருந்து இன்னொரு போனுக்கோ இயர்பட்ஸுக்கோ சார்ஜ் ஏத்தலாம்னு சொல்றாங்க. அது எப்படி வேலை செய்யுது? என் போன் எவ்வளவு சீக்கிரம் இறங்கும்?

மூணாறில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆடி மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் எஸ்டேட் லயங்களில் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "அண்ணாச்சி, இந்தப் போன்ல இருந்து அந்தப் போனுக்கு ஏத்த முடியுமா?"

முடியும். வழி இரண்டு. ஒன்று, பின்பக்கத்தோடு பின்பக்கம் ஒட்டி வைப்பது. வயர்லெஸ் சார்ஜ் வாங்குவதற்காக போனுக்குள் இருக்கும் செம்புச் சுருளே அப்போது கொடுக்கிற சுருளாக மாறுகிறது. பேட்டரியில் இருக்கும் கரண்ட் ஒரே திசையில் ஓடுவது. அதை வேகமாகத் திசை மாறுகிற கரண்டாக்கிச் சுருளுக்குள் விட்டால் காந்தப்புலம் உண்டாகும். மேலே இருக்கும் போனின் சுருள் அதைப் பிடித்து மறுபடியும் நேர் கரண்டாக்கித் தன் பேட்டரிக்கு அனுப்பும். இத்தனை கைமாறுவதில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. சாம்சங் 2019-இல் எஸ்10-இல் கொண்டுவந்தது இதைத்தான். இன்றும் விலை கூடிய மாடல்கள் சிலவற்றில்தான் இந்த வசதி இருக்கிறது.

இரண்டாவது வழி, சி டைப் கேபிள். இது சாதாரண ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் நடக்கும். ஐபோன் 15-இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் உண்டு.

இனி கணக்கு. இரண்டும் 5000 எம்ஏஎச் போன் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 19 வாட்-மணி அடங்கும். கொடுக்கிற போன் வெளியே விடுவது பொதுவாக 4.5 வாட் அளவுக்குத்தான். கேபிளில் அரை மணி நேரம் கொடுத்தால், கொடுத்ததில் 13 சதவீதம் போல இறங்கும். வாங்கியதில் 10 சதவீதம் போல ஏறும். அதே அரை மணி நேரம் ஒட்டி வைத்தால் இறங்குவது ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் ஏறுவது 5, 6 சதவீதம். பாதி வழியிலேயே போய்விடுகிறது. சுருள்கள் நேருக்கு நேர் இல்லாமல் விலகியிருந்தாலோ, நடுவில் தடித்த கவர் இருந்தாலோ இன்னும் மோசம். போனின் முதுகு நன்றாகச் சுடுகிறது, சதவீதம் நகரவில்லை என்றால் விஷயம் அதுதான். கவரைக் கழற்றி, நடுவோடு நடு பொருந்தும்படி நகர்த்தி வையுங்கள்.

ஆக, போனுக்குப் போன் என்றால் கேபிள்தான் என் தீர்ப்பு. செருகியதும் எது கொடுக்கிறது, எது வாங்குகிறது என்று கட்டாயம் பாருங்கள். ஐபோன் இரண்டையும் இணைத்தால் குறைவாக இருப்பதற்கு ஏறும். ஆண்ட்ராய்டில் அப்படி நம்பக்கூடாது. 8 சதவீதம் இருக்கும் போன் 70 சதவீதம் இருக்கும் போனுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதைக் கடையிலேயே பார்த்திருக்கிறேன். மேலிருந்து நோட்டிபிகேஷனை இழுத்து, USB என்று வருவதைத் தொட்டு, கொடுக்க வேண்டிய போனில் `Charge connected device` என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில போன்களில் செட்டிங்ஸில் `OTG` ஆன் செய்தால்தான் கரண்ட் வெளியே வரும்.

எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை, சிக்னல். டவர் எட்டாத இடத்தில் போன் தேடிக்கொண்டே இருக்கும், அதற்கே நிறைய செலவாகும். வாங்குகிற போனில் ஸ்கிரீனும் எரிந்தால் வருவதெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். அதனால் வாங்குகிற போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டு ஏற்றுங்கள், குறைந்தது ஏரோபிளேன் மோடிலாவது போடுங்கள்.

இயர்பட்ஸ் கதை வேறு. ஒட்டி வைக்கும் வசதி உண்மையிலேயே உதவுவது இங்குதான். டப்பாவுக்குள் இருப்பது ஏறக்குறைய 500 எம்ஏஎச் பேட்டரி. காலியான டப்பாவை முழுக்க நிரப்பினால் உங்கள் போனில் 20 சதவீதம் வரை போகும், நேரமும் நிறைய ஆகும். ஆனால் காதில் போடும் மொட்டு இரண்டுக்கும் தேவை மிகக் கொஞ்சம். வீணாவதையும் சேர்த்தால் போனில் 5 சதவீதம் போல. ஒரு கால் பேச வேண்டும் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தாலே காரியம் முடிந்தது. டப்பாவுக்கும் வயர்லெஸ் வசதி இருக்க வேண்டும், அதன் சுருள் சின்னது. விளக்கு எரியும் இடம் கிடைக்கும்வரை மெல்ல நகர்த்துங்கள்.

சாம்சங்கில் `Wireless power sharing` பக்கத்திலேயே எத்தனை சதவீதத்தில் நிற்க வேண்டும் என்று வைக்கலாம். மலையில் இருப்பவர்கள் அதை 50-இல் வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.