ஒரே நாளில் எத்தனை வணக்கம்?

கேள்வி: வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் பிரிவு மேலாளர் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை எதிரே வருகிறார். ஒவ்வொரு தடவையும் வணக்கம் சொன்னால் காக்கா பிடிக்கிறேன் என்று கிண்டல் செய்கிறார்கள். சொல்லாவிட்டால் திமிர் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு முறை சொன்னபோது அவர் பதிலே சொல்லவில்லை. யார்தான் முதலில் சொல்ல வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்றைய முதல் சந்திப்பில் நீங்கள்தான். ராணுவத்தில் இது எழுதப்பட்ட விதி: கீழ்நிலையில் இருப்பவர் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும், மேலதிகாரி அதைத் திருப்பித் தர வேண்டும். அலுவலகங்களில் முதல் பாதி மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏற்கெனவே ஆட்கள் இருக்கும் அறைக்குள் நுழைகிறவர், எந்தப் பதவியில் இருந்தாலும், அவரே முதலில் சொல்வதுதான் முறை. அதனால் மேலாளர் உங்கள் அறைக்குள் வந்து அவரே "குட் மார்னிங்" என்றால், முந்திக்கொள்ளவில்லையே என்று பதற வேண்டாம். நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னால் போதும்.

கைகுலுக்குவது மட்டும் நேர்மாறு. அதை மேலே இருப்பவர் தொடங்கட்டும். அவர் கை நீட்டினால் எழுந்து நின்று கொடுங்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் வராந்தாதான். நீளமான வராந்தாவில் அவர் இருபதடி தூரத்தில் வரும்போதே கண்ணில் பட்டுவிடுகிறார். அங்கேயே சொன்னால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். சொல்லி முடித்த பிறகும் இருவரும் நெருங்கிக்கொண்டே இருப்பீர்கள், அந்த இடைவெளியில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. அசடு வழிவது அங்கேதான். தூரத்தில் பார்த்ததும் பார்வையை இயல்பாக விலக்கிக்கொண்டு நடங்கள். ஏழெட்டு அடி நெருங்கியதும் நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து, பேசும் குரலிலேயே "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள். நின்றால் அவரும் நிற்க வேண்டியிருக்கும். ஏதோ கேட்க வந்திருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது முறை எதிர்ப்பட்டால் தலையசைப்பு, கூடவே லேசான புன்னகை. வாயால் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது முறை முதல் கண்கள் சந்தித்தால் மட்டும் தலையசைப்பு, இல்லையென்றால் அதுவும் வேண்டாம். காலையில் சொன்ன வணக்கம் அந்த நாள் முழுவதற்கும் செல்லும். மாலையில் அவருக்கு முன்னால் கிளம்பினால், வழியில் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்காக அவர் அறைவரை போகாதீர்கள்.

கிண்டல் விஷயத்துக்கு வருகிறேன். குழைவதாகத் தெரிவது பெரும்பாலும் எத்தனை தடவை சொல்கிறீர்கள் என்பதால் அல்ல, யாருக்கு எப்படிச் சொல்கிறீர்கள் என்பதால். மேலாளரோடு இன்னும் இருவர் வரும்போது அவர் முகத்தை மட்டும் பார்த்து வணக்கம் வைப்பது, அவர் கடந்ததுமே சிரிப்பு அணைந்துபோவது, ஒரே வாக்கியத்தில் மூன்று "சார்" போடுவது, வணக்கத்தோடு "இன்னிக்கு சட்டை நல்லா இருக்கு சார்" என்று ஒட்டுவது: இவற்றைத்தான் பக்கத்து மேசைக்காரர்கள் கவனிக்கிறார்கள். மூவர் வந்தால் பார்வையை மூவர் மேலும் ஓட்டி ஒரே வணக்கம் சொல்லுங்கள். காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அதே குரல், அதே நீளம். இதை ஒரு மாதம் தவறாமல் செய்தால், மேலாளருக்குச் சொல்வது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது.

பதில் வராததற்குச் சாதாரணக் காரணங்களே அதிகம். அவர் காதில் இயர்போன் இருந்திருக்கலாம், கைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்திருக்கலாம், அல்லது அவர் கடந்துபோன பிறகு உங்கள் குரல் முதுகுக்குப் பின்னால் ஒலித்திருக்கலாம். கண்கள் சந்தித்த பிறகுதான் சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சந்திக்கவில்லை என்றால் அவருக்கு அது கேட்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உடனே உரக்கத் திரும்பச் சொல்லாதீர்கள். கேட்டும் பேசாமல் போனவரைக் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும். போனில் பேசிக்கொண்டிருந்தால் தலையசைப்பு மட்டும்.

கண்ணைப் பார்த்துச் சொல்லியும் பதில் இல்லை என்றால், மற்றவர்களுக்கு அவர் என்ன செய்கிறார் என்று ஒரு வாரம் பாருங்கள். எல்லோரிடமும் தலையை மட்டும் ஆட்டுகிறவர் என்றால் நீங்களும் காலை வணக்கத்தைத் தலையசைப்பாகச் சுருக்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி உங்களை மட்டும் தவிர்க்கிறார் என்று உறுதியானால், அது வணக்கப் பிரச்சினை அல்ல. காலை வணக்கத்தை நிறுத்தாமல், வேலை குறித்துப் பேச அவரிடம் பத்து நிமிடம் கேளுங்கள்.