பழைய சுவரோரத்து மண்ணில் ஈயம்: பரிசோதனையும் மேட்டுப்பாத்தியும்

கேள்வி: அம்மா, எண்பது ஆண்டு பழைய வீட்டின் பின்புறத்தில் காய்கறி போட எண்ணி, தோட்டம் முழுவதும் பத்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஈயம் 257 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு மண்ணில் 257 பங்கு, என்று வந்திருக்கிறது. இங்கே பயிரிடலாமா, கூடாதா?

பதில்: அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வகம் தவறு செய்திருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் பத்து இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்துவிட்டதால், அந்த 257 உங்கள் தோட்டத்தின் எந்த ஒரு மூலையையும் காட்டாத எண்ணாகிவிட்டது.

பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் கலந்திருந்தது. சுவரும் சன்னல் சட்டமும் வெயிலில் வெளிறி உதிரும்போது அந்தத் துகள்கள் சுவரின் அடியிலேயே விழுகின்றன. கூரையிலிருந்து சொட்டும் மழைநீரும் தான் கழுவிக் கொண்டுவருவதை அதே கோட்டில்தான் இறக்குகிறது. அப்படி விழுந்த ஈயம் மண்ணின் களிமண் துகளோடும் மக்கிய பொருளோடும் இறுகப் பற்றிக்கொள்வதால், மழையில் கரைந்து ஆழத்துக்குப் போவதில்லை. கொத்திக் கிளறாத மண்ணில் ஐம்பது ஆண்டுக்கு முன் விழுந்ததும் மேல்மண்ணிலேயே கிடக்கும். ஆகவே சுவரை ஒட்டிய ஒரு மீட்டர் அகலப் பட்டை ஒரு மண், அதற்கடுத்த இரண்டு மூன்று மீட்டர் வேறொரு மண், அதைத் தாண்டியது மற்றொரு மண் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் எட்டுப் பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை எடுத்து, அந்தப் பட்டைக்குள் மட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கலந்து, மூன்று பைகளாக அனுப்புங்கள். குழந்தைகள் விளையாடும் வெற்றுத்தரை இருந்தால் அங்கே மேலாக 2 செ.மீ. மட்டும் சுரண்டித் தனிப் பையில் போடுங்கள், ஏனெனில் குழந்தையின் கையில் ஒட்டுவது அந்த மேற்புழுதிதான்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே மூன்று பைகள் அனுப்பினேன். சுவரோரம் 960, நடுவில் 150, கடைசியில் 40. அப்படியென்றால் முதல் சோதனை பொய்யா?

பதில்: பொய் இல்லை, கணக்குப் பார்த்தால் விளங்கும். அந்தப் பத்தில் இரண்டு கரண்டி சுவரோரத்திலும், மூன்று நடுவிலும், ஐந்து கடைசியிலும் எடுத்திருப்பீர்கள் என்று கொண்டால், 1,920, 450, 200 மூன்றையும் கூட்டிப் பத்தால் வகுக்க 257 வருகிறது. சுவரோரத்தின் கடுமையை மற்ற எட்டுக் கரண்டிகள் மறைத்துவிட்டன. கூடவே நல்ல நிலமான கடைசிப் பகுதியையும் நீங்கள் வீணாகச் சந்தேகிக்க நேர்ந்தது.

மனிதக் கை படாத மண்ணிலும் பொதுவாக 10 முதல் 50 பிபிஎம் வரை ஈயம் இருக்கும் என்பதால், 40 என்பது இயல்பான அளவு. அங்கே நேரடியாகத் தரையிலேயே பயிரிடுங்கள். 960 உள்ள பட்டையில் உண்ணும் எதையும் வளர்க்க வேண்டாம். அதைக் கிளறாமல், அடர்ந்த புதரோ புல்லோ வைத்து, வெற்று மண் கண்ணில் படாதபடி மூடிவிடுங்கள். நடுவிலுள்ள 150 தான் வாதத்துக்குரியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கு நெடுங்காலம் 400 என்ற எல்லையை வைத்திருந்து, 2024இல் அதை 200 ஆகக் குறைத்தது; கலிபோர்னியா மாநிலமோ 80 என்பதையே எல்லையாகக் கொள்கிறது. ஒரே மண் ஒரு கணக்கில் தேறுகிறது, மற்றொன்றில் தேறவில்லை. சிறு குழந்தை உள்ள வீடாக இருந்தால் நான் 150இல், தரைக்கு மேலே சட்டம் கட்டிச் சோதித்த மண்ணை நிரப்பும் மேட்டுப்பாத்திதான் அமைப்பேன்.

கேள்வி: சூரியகாந்தியும் கடுகும் மண்ணிலுள்ள ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று படித்தேன். இரண்டு பருவம் அவற்றை வளர்த்துப் பிடுங்கிவிட்டால் மண் சுத்தமாகிவிடுமே, மேட்டுப்பாத்திச் செலவு எதற்கு?

பதில்: செடிகள் சில உலோகங்களை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் ஈயம் அதில் பிடிவாதமானது. அது மண்ணை விடாமல் பற்றியிருப்பதால் வேருக்குக் கிடைப்பதே சொற்பம், கிடைத்ததிலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். ஆய்வுகளில் செடி அதிகமாக இழுத்ததெல்லாம் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. போன்ற வேதிப்பொருளை மண்ணில் ஊற்றி ஈயத்தை இளக்கிய பிறகுதான். அப்படி இளகிய ஈயம் செடிக்குப் போவதைப் போலவே நிலத்தடி நீருக்கும் போகலாம் என்பதால் வீட்டுத் தோட்டத்தில் அதைச் செய்யவே கூடாது. இரண்டு பருவமல்ல, இருபது பருவம் சூரியகாந்தி போட்டாலும் 960 கண்ணுக்குத் தெரியும்படி இறங்காது.

கேள்வி: நான் மண் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். ஒரு திருத்தம்: வாடிக்கையாளர்கள் சத்துப் பரிசோதனை அறிக்கையில் உள்ள ஈய எண்ணையும் மொத்த ஈய எண்ணையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். சல்லடை அளவையும் நீங்கள் குறிப்பிடவில்லை.

பதில்: இரண்டையும் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நன்றி. சத்துப் பரிசோதனையில் மென்மையான கரைசலால் மண்ணைக் கழுவி, செடிக்குக் கிடைக்கக்கூடியதை மட்டும் அளப்பார்கள். அதில் வரும் ஈய எண் மொத்த ஈயத்தைவிட மிகக் குறைவாக இருக்கும். அந்தச் சிறிய எண்ணை 200 என்ற எல்லையோடு ஒப்பிட்டு நிம்மதியடைவது ஆபத்தான பிழை. வலுவான அமிலத்தில் கரைத்து அளக்கும் மொத்த ஈயப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டுப் பெற வேண்டும். எக்ஸ் கதிர்க் கருவியால் அளப்பதும் மொத்த அளவையே தரும், ஆனால் ஈரமான மண்ணில் குறைத்துக் காட்டும். சல்லடையைப் பொறுத்தவரை, கையில் ஒட்டுவது நுண்புழுதி என்பதாலும் ஈயம் பெரும்பாலும் அதில்தான் செறிந்திருக்கும் என்பதாலும், 150 மைக்ரானுக்குக் குறைவான பகுதியை அளப்பதே குழந்தைகளின் நோக்கில் சரியானது. ஆனால் பல ஆய்வகங்கள் 2 மி.மீ. சல்லடையோடு நிறுத்திவிடுகின்றன. ஆகவே வேறு வேறு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடும் முன் இதைக் கேட்டறியுங்கள்.

கேள்வி: தரையில் 300 பிபிஎம். அதே மண்ணில் பாதிக்குப் பாதி மக்கிய உரம் கலந்தால் 150 ஆகிவிடும் அல்லவா?

பதில்: ஆகாது. நீங்கள் கூடைக் கணக்கில் பாதி என்கிறீர்கள், ஆய்வகமோ எடைக் கணக்கில் அளக்கிறது. காய்ந்த உரம் மண்ணின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும். ஆக ஒரு கூடை மண்ணுக்கு ஒரு கூடை உரம் சேர்த்தால் 300 என்பது 200 அளவுக்குத்தான் இறங்கும். உரம் ஆண்டுதோறும் மக்கிக் கரைந்துபோக, அந்த எண் மெல்ல மீண்டும் ஏறும். உரம் சேர்ப்பதால் ஈயம் மேலும் இறுகப் பிணைகிறது என்பதும், புழுதி குறைகிறது என்பதும் உண்மையான நன்மைகள். அவற்றுக்காகச் சேருங்கள், எண்ணைப் பாதியாக்குவதற்காக அல்ல. பாஸ்பேட் உரமிட்டு ஈயத்தைக் கட்டிவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். வேதியியல் சரிதான், ஆனால் மண்ணில் ஆர்சனிக்கும் இருந்தால் அதைப் பாஸ்பேட் விடுவித்துவிடக்கூடும் என்பதால், அதைப் பரிசோதிக்காமல் நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: மூன்று ஆண்டுக்கு முன் மேட்டுப்பாத்தி அமைத்தேன். அப்போது நிரப்பிய மண்ணில் 30 பிபிஎம். இப்போது 140. மண் விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: தொடக்கத்திலேயே சோதித்து 30 என்று கண்டிருப்பதால் விற்றவர் மேல் பழி சொல்ல முடியாது. அந்த முதல் எண்ணைக் குறித்து வைத்தது நல்ல வழக்கம், பலர் அதைச் செய்வதில்லை. ஈயம் பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. பாஸ்டன் நகரத் தோட்டங்களில் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மேட்டுப்பாத்திகளின் மண் நான்கே ஆண்டுகளில் சராசரியாக 150இலிருந்து 336க்கு ஏறியிருந்தது. சுற்றியுள்ள வெற்று மண்ணின் நுண்புழுதி காற்றில் பறந்து பாத்தியில் படிந்ததே காரணம் என்று கண்டார்கள்.

உங்கள் பாத்தியில் எது நடந்தது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். மேலாக 2 செ.மீ. மண்ணை ஒரு பையிலும், நடு ஆழத்து மண்ணை இரண்டாவது பையிலும், அடி மண்ணை மூன்றாவதிலும் எடுங்கள். மேற்பகுதி மட்டும் உயர்ந்திருந்தால் புழுதியோ சுவர்ப் பெயின்டோ மேலிருந்து வருகிறது. அடிப்பகுதி உயர்ந்திருந்தால் மண்வெட்டி தரைவரை போய்ப் பழைய மண்ணைக் கிளறி ஏற்றியிருக்கிறது. ஆண்டுதோறும் முழுப் பாத்தியையும் கொத்திப் புரட்டியிருந்தால் மூன்றும் ஒன்றாகவே இருக்கும். அப்போது இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

மேலிருந்து வருகிறது என்றால், பாத்தியைச் சுற்றியுள்ள நடைபாதையில் மரச்சில்லுகளை 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள், மேலே உள்ள 5 செ.மீ. மண்ணை வாரி எடுத்துவிட்டுச் சோதித்த புது உரத்தை இடுங்கள், பின் ஆண்டுக்கொரு முறை மேல்மண்ணைச் சோதியுங்கள். அடியிலிருந்து என்றால், பாத்தியைக் காலி செய்து, நீர் இறங்கி வேர் இறங்காத கெட்டியான ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து மீண்டும் நிரப்புவதுதான் வழி. சாதாரண பிளாஸ்டிக் தாள் விரித்தால் நீர் தேங்கி வேர் அழுகும். நான் என் முதல் பாத்தியைக் கூரைச் சொட்டு விழும் கோட்டிலேயே, வெயில் நன்றாகப் படுகிறது என்று அமைத்துவிட்டு, இரண்டு ஆண்டுக்குப் பிறகு முழுவதையும் இடம் மாற்றினேன். சுவரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி அமைக்கும்படி சொல்வது அதனால்தான்.

கேள்வி: பழைய கதவு நிலைகளும் இரயில் தண்டவாளக் கட்டைகளும் சும்மா கிடைக்கின்றன. பாத்திக்குச் சட்டமாக வைக்கலாமா? எவ்வளவு உயரம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். பழைய கதவு நிலையின் பெயின்ட் தான் நீங்கள் தப்பிக்க நினைக்கும் ஈயம். தண்டவாளக் கட்டை பெரும்பாலும் கிரியோசோட் என்னும் நச்சுத் தாரில் ஊறியது. பூசாத மரம், செங்கல், கல் போதும். கீரைக்கும் தக்காளிக்கும் 30 செ.மீ. உயரம், கேரட், முள்ளங்கிக்கு 45 செ.மீ.

கேள்வி: ஈய மண்ணில் தக்காளி விஷமாகும், கேரட் பரவாயில்லை என்று சொன்னீர்கள். எங்கள் வீட்டில் தக்காளிச் செடிகளைப் பிடுங்கிவிட்டோம்.

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை, நிலைமை நேர்மாறானது. ஈயம் காய்க்குள் ஏறுவது மிகக் குறைவு; தக்காளி, கத்தரி, பீன்ஸ் ஆகியவைதான் சந்தேக மண்ணில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியவை. கேரட்டும் முள்ளங்கியும் மண்ணோடு உரசி வளர்வதாலும், கீரையின் மடிப்புகளில் புழுதி படிவதாலும் அவற்றுக்குத்தான் சோதித்த மேட்டுப்பாத்தி தேவை. எந்தக் காயானாலும் தோட்டத்திலேயே மண்ணை உதறி, நன்றாகக் கழுவி, கிழங்கானால் தோலைச் சீவிப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் பழைய சுவரைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். இரண்டு வயது மகள் அந்த முற்றத்து மண்ணைத் தின்றிருக்கிறாள்.

பதில்: முதலில் மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், மண் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். உதிர்ந்த பெயின்டைப் பரிசோதிக்கும்வரை சுரண்டும் வேலையைத் தள்ளிவையுங்கள். ஈயம் இருப்பது உறுதியானால், இத்தகைய வேலையில் பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும். அவர் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், தீயால் சுடாமல், நனைத்துச் சுரண்ட வேண்டும். சுவரடியிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் வரை கெட்டியான பிளாஸ்டிக் விரித்து, அன்றன்றைய துகள்களை அதிலேயே சுருட்டி எடுக்க வேண்டும். வேலைக்கு முன் சுவரோர மேல்மண்ணில் ஒரு பை எடுத்து வையுங்கள், முடிந்த மறுநாள் அதே இடத்தில் மற்றொன்று எடுங்கள். இரண்டையும் ஒரே ஆய்வகத்துக்கு, ஒரே நாளில் அனுப்புங்கள்.